தொண்ணூறு நொடியில் சொல்லக் கூடாத ஒரு சொல்

முதலிலேயே ஓர் எச்சரிக்கை. இந்தப் பதிவில் ஒரு குறும்படத்தின் முடிவைச் சொல்லப்போகிறேன். படத்தின் திரையிடல்கள் முடிந்துவிட்டன. இயக்கிய நண்பனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். இனிமேல்தான் பார்க்கப்போகிறேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஐதராபாத்தில் எங்கள் ஆய்வு மாணவர் விடுதியைச் சேர்ந்த ஏழு பேர் கூடி எடுத்த படம் அது. நீளம் 18 நிமிடம். மொழியியல் படித்தவனுக்குப் படத்தில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒலிப்பதிவுக் கருவியைக் கையாளத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். களப்பணிக்காக வாங்கியது. ஒலியைக் கவனித்தவன் என்பதால் முன்னோட்டம் வெட்டும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. தொண்ணூறு நொடி, முடிவு வெளிப்படக் கூடாது. இரண்டு நிபந்தனைகள்தானே, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரத்தில் எனக்கு உண்டான ஒரு கருத்துக்காகத்தான் இந்த நீண்ட பதிவு.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செகந்திராபாத்தில் ஒரு ரயில்வே குடியிருப்பு. ஓய்வுபெற்ற தமிழர் ஒருவர் அங்கே தனியாக இருக்கிறார். தினமும் இரவு ஒன்பது மணிக்குப் பெங்களூருக்கு ஒரு போன் செய்கிறார். மறுமுனையில் ஓர் இளம்பெண். இரவுப் பணிக்குப் போகும் அலுவலக வண்டியில் உட்கார்ந்தபடி பேசுகிறாள். “சாப்பிட்டியாம்மா?”, “நீங்க சாப்பிட்டீங்களா?”, “எப்ப வர்ற?”, “பாக்கறேன்.” இப்படியே போகிறது. ஒரு நாள் அவள் வண்டியேறி அவர் வீட்டுக்கு வருகிறாள். அங்கே சுவரில் மாலையிட்ட ஒரு புகைப்படம். அதில் இருப்பவள்தான் அவருடைய மகள். அவள் இறந்து ஓராண்டு ஆகிறது. அவளுடைய கைபேசி எண், நம் நாட்டு வழக்கப்படி சில மாதங்கள் முடங்கிக் கிடந்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. முதல்நாள் அழைப்பிலேயே உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

இது பதினான்காம் நிமிடம். பலரும் இதையே முடிவு என்று நினைப்பார்கள். ஆனால் முடிவு இதற்கும் அப்பால் இருக்கிறது. கிளம்பும்போது அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுக்கிறாள். அவர் சொல்கிறார்: “மொத நாளே தெரியும்மா. அவ போன எடுத்தா ஹலோ சொல்ல மாட்டா.” பிறகு அவள் பெங்களூர் திரும்புகிறாள். இரவு ஒன்பது மணி. வண்டியில் போன் ஒலிக்கிறது. எடுத்து, சற்றுத் தயங்கி, “சொல்லுங்கப்பா” என்கிறாள். திரை இருள்கிறது. படம் முழுவதிலும் ‘அப்பா’ என்ற சொல் வருவது அந்த ஓரிடத்தில் மட்டுமே.

நான் வெட்டிய முதல் முன்னோட்டத்தின் பன்னிரண்டாம் நொடியில் என்ன இருந்தது தெரியுமா? “சொல்லுங்கப்பா.”

ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு என்னிடம் நல்ல காரணம் ஒன்று இருந்தது. இருவரும் தந்தையும் மகளும் என்று படத்தில் எவரும் சொல்வதில்லை. பார்ப்பவர்களே அப்படி எண்ணிக்கொள்வதற்குப் படம் ஆறு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. எனக்கு இருந்ததோ பத்து நொடி. உறவை ஒரே சொல்லில் நிறுவிவிடலாம் என்று கடைசிக் காட்சியின் ஒலியை மட்டும் பெயர்த்தெடுத்து, அவள் வண்டியில் போனை எடுக்கும் முதல் காட்சியின்மேல் வைத்தேன். கனகச்சிதமாகப் பொருந்தியது. முடிவின் ஒரு பிம்பம்கூட வெளியே தெரியவில்லை என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

நண்பனுக்குப் போட்டுக் காட்டினேன். அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் முறை போடச் சொன்னான். பிறகு, “அந்தச் சொல்லைப் படம் முழுக்க ஒருதரம்தான் கேக்கணும்டா” என்றான். அவனுடைய அக்கா இறந்தபின் அவன் தந்தை அந்த எண்ணை விடாமல் அழைத்துக்கொண்டிருந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். படம் பிறந்ததே அங்கிருந்துதான். ஒரு வீட்டில் ஒலிக்காமல் போன சொல்லைத் திரும்ப ஒலிக்கச் செய்வதற்காக எடுக்கப்பட்ட படத்தில், அதே சொல்லை நான் விளம்பரத்துக்கு எடுத்துச் செலவழித்திருந்தேன்.

அன்றிரவு எனக்குப் புரிந்தது இது: முடிவை மறைப்பது என்பது கடைசி இரண்டு நிமிடக் காட்சிகளைப் பயன்படுத்தாமல் இருப்பது அன்று. முடிவு எதனால் ஆனதோ அந்தப் பொருளைத் தொடாமல் இருப்பது. எங்கள் படத்தின் முடிவு ஒரு சொல்லால் ஆனது. வேறொரு படத்தில் அது ஒரு முகமாக இருக்கலாம், ஓர் இடமாக இருக்கலாம், ஒரு மௌனமாகவும் இருக்கலாம். அது என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளாதவர் கத்தரிக்கோலைத் தொடக் கூடாது.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டரை மணி நேரத் திரைப்படத்துக்கு இரண்டரை நிமிட முன்னோட்டம் வெளியிட்டால், அது படத்தில் அறுபதில் ஒரு பங்கு. பதினெட்டு நிமிடப் படத்துக்குத் தொண்ணூறு நொடி என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஐந்து மடங்கு அதிகம். பெரிய படங்களின் முன்னோட்ட முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நல்ல காட்சியிலிருந்தும் இரண்டு நொடி கிள்ளி அடுக்கினால், குறும்படத்தில் முன்னோட்டம் என்ற பெயரில் படத்தின் சுருக்கமே வெளிவந்துவிடும். நிறையக் குறும்பட முன்னோட்டங்களைப் பார்த்ததும் ‘பார்த்தாயிற்று’ என்ற நிறைவு நமக்கு வந்துவிடுவதன் காரணம் இதுதான். எனவே தொண்ணூறு நொடியையும் படத்தால் நிரப்ப வேண்டும் என்ற ஆசையை முதலில் கைவிட வேண்டும். எங்கள் இறுதி வடிவத்தில் படத்தின் காட்சிகள் ஏறத்தாழ அறுபத்தைந்து நொடிதான் இருக்கின்றன. மீதி இருள், ஒலி, எழுத்து. அந்த அறுபத்தைந்திலும் ஒரே ஷாட் பதினான்கு நொடி நிற்கிறது.

இரண்டாம் வாரம் முறையாகத் தொடங்கினேன். கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில், பார்ப்பவர் அறியக் கூடாதவை எவை என்று எழுதினேன். மூன்று வந்தன. ஒன்று, மகள் இறந்துவிட்டாள். இரண்டு, போனில் பேசுபவள் மகள் அல்லள். மூன்று, அவருக்கு அது தெரியும். ‘முடிவு’ என்று ஒற்றையாக நினைத்துக்கொண்டிருந்தவரை எனக்குக் கண்ணில் படாத பல கசிவுகள், மூன்றாகப் பிரித்தவுடன் கண்ணில் பட்டன. பிறகு படத்தை முதலிலிருந்து ஓட்டி, ஒவ்வொரு ஷாட்டையும் ஒவ்வொரு வசனத்தையும் இந்த மூன்றுக்கும் எதிரே வைத்துப் பார்த்து, டைம்லைனில் வண்ணக் குறி இட்டேன். மூன்றில் ஒன்றையாவது சொல்லிவிடுவது சிவப்பு. தனியே சொல்லாது, ஆனால் இன்னொன்றோடு சேர்ந்தால் சொல்லும் என்பது மஞ்சள். எதுவும் சொல்லாதது பச்சை.

சிவப்பை எவரும் கண்டுகொள்வார்கள். மாலையிட்ட படத்தை யாரும் முன்னோட்டத்தில் வைக்கப் போவதில்லை. ஆபத்து மஞ்சளில் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டு. அவள் செகந்திராபாத் வந்ததும் அவர் கதவைத் திறக்கும் ஷாட் ஒன்று உண்டு. மிக அழகாக அமைந்தது. வாசல் வெளிச்சம், அவர் முகம், அவர் விலகி வழிவிடுவது, ஒரு நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போடுவது. மொத்தம் ஐந்து நொடி, வசனமே இல்லை. பச்சை என்று குறித்து முன்னோட்டத்தில் வைத்திருந்தேன். படத்தைப் பார்த்திராத ஒரு தோழிக்குப் போட்டுக் காட்டியபோது அவள் சாதாரணமாகச் சொன்னாள்: “வந்தவ அவரோட பொண்ணு இல்ல போல. சொந்த வீட்டுப் பொண்ணுக்கு யாராவது நாற்காலியத் தொடச்சுப் போடுவாங்களா?” அந்த நாற்காலியை நான் அதுவரை பார்க்கவே இல்லை. அவள் சொன்ன பிறகு இன்னொன்றும் தெரிந்தது: கதவைத் திறந்த முகத்தில் வியப்பு இல்லை. ஆகவே அந்த ஐந்து நொடி இரண்டாம் இரகசியத்தை மட்டுமன்றி மூன்றாவதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. நல்ல நடிப்பு இப்படித்தான் இருக்கும். முடிவை அறிந்த நடிகரின் உடல், முடிவுக்கு முன்பே அதைச் சொல்லிக்கொண்டிருக்கும். படத்தில் இது நல்லது, ஏனெனில் அடுத்த காட்சி உடனே வந்துவிடுகிறது. முன்னோட்டத்தில் அந்த ஷாட் நாள்கணக்கில், வாரக்கணக்கில் தனியே நிற்கும். மக்கள் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார்கள். ஷாட்டை எடுத்துவிட்டேன்.

அடுத்தது என் துறை சார்ந்த கசிவு. எனக்கே தெரியாமல் நடந்தது என்பதில் வெட்கம் உண்டு. ஐந்தாம் நிமிடத்தில் பால்காரரிடம் அவர் மகளைப் பற்றிச் சொல்கிறார்: “அவளுக்குக் காப்பி ரொம்பப் பிடிக்கும்.” இந்த வாக்கியத்தை முன்னோட்டத்தில் வைத்தோம். தமிழில் இது பாதுகாப்பானது. ‘பிடிக்கும்’ என்ற வடிவம் உயிரோடிருப்பவருக்கும் பொருந்தும், இறந்தவருக்கும் பொருந்தும். இறந்துபோன தாத்தாவைப் பற்றிப் பேசும்போதும் நாம் “அவருக்கு முறுக்கு பிடிக்கும்” என்று இயல்பாகச் சொல்வோம். எதிர்கால வினை என்று பள்ளியில் நாம் படித்த இந்த ‘உம்’ ஈறு, உண்மையில் காலத்தைவிட இயல்பையே அதிகம் குறிக்கிறது. வசனம் எழுதிய நண்பன் இலக்கணம் யோசித்து எழுதியிருக்க மாட்டான். மொழி அவனுக்குத் துணை நின்றது.

ஆனால் எங்கள் வளாகத்தில் தமிழ் தெரிந்தவர்கள் கால்பங்குகூட இல்லை. ஆங்கில சப்டைட்டில் வேண்டும். ஆங்கிலம் அந்த இடத்தில் ஒதுங்கிக்கொள்ள விடாது: ‘ஷீ லவ்ஸ்’ என்றோ ‘ஷீ லவ்ட்’ என்றோ ஏதாவதொன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். சப்டைட்டில் எழுதியவர் படத்தை முழுதும் அறிந்தவர். உண்மையோடு ஒத்துப்போக ‘லவ்ட்’ என்று எழுதிவிட்டார். அசாமைச் சேர்ந்த ஒரு நண்பர் முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, “அவள் இறந்துவிட்டாளா?” என்று. அதே முன்னோட்டத்தை அதே அறையில் பார்த்த தமிழர்களுக்கு அந்த ஐயமே எழவில்லை. ஒரே முன்னோட்டம் ஒரு மொழியில் இரகசியத்தைக் காத்தது, இன்னொரு மொழியில் ‘ட்’ என்ற ஒற்றை ஒலியில் உடைத்தது.

சரி, ‘லவ்ஸ்’ என்று மாற்றிவிடலாமே என்றார்கள். நான் ஒப்பவில்லை. அது பொய். அவள் இப்போது இல்லை. இப்போது எதையும் விரும்பவில்லை. படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருபவர் அந்தச் சப்டைட்டிலைப் படித்தால், நாங்கள் அவரை ஏமாற்றினோம் என்றுதான் நினைப்பார். கடைசியில் வினைச்சொல்லே இல்லாமல் எழுதினோம்: ‘ஹெர் காஃபி? ஆல்வேஸ் ஸ்ட்ராங்.’ மூலத்தின் நேர்ப்பொருள் சற்று விலகியது என்றாலும், தமிழ் வாக்கியம் எதைச் சொல்லாமல் விட்டதோ அதை ஆங்கிலமும் சொல்லாமல் விட்டது. இந்தி சப்டைட்டிலில் வேறு வகைத் தொல்லைகள் வரும். அங்கே தன்மை வினையே பேசுபவர் ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். எங்களுக்கு அது இடையூறாகவில்லை. ஆனால் பேசுபவர் யார் என்பதே இரகசியமாக இருக்கும் படத்துக்கு அது பெரிய தலைவலி. பன்மொழி நாட்டில் முன்னோட்டம் வெட்டுபவர்கள் காட்சிகளைச் சரிபார்ப்பதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு மொழிச் சப்டைட்டிலையும் தனித்தனி முன்னோட்டமாகக் கருதிச் சரிபார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி நான் வாதிட விரும்பும் இடத்துக்கு வருகிறேன். மறைக்கலாம், பொய் சொல்லக் கூடாது என்கிறேன். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே?

மொழியியலில் பால் கிரைஸ் ஒரு வேறுபாட்டை வகுத்தார். ஒருவர் சொன்னது வேறு, அவர் சொன்னதிலிருந்து நாம் உய்த்துணர்வது வேறு. “சிலர் வந்தார்கள்” என்றால் எல்லோரும் வரவில்லை என்று உணர்கிறோம். ஆனால் பிறகு அவரே “சிலர் என்ன, எல்லோருமே வந்துவிட்டார்கள்” என்று சொன்னால் முரண் எதுவும் இல்லை. உய்த்துணர்ந்ததை விலக்கிக்கொள்ள முடியும்; சொன்னதை விலக்கிக்கொண்டால் பொய்யர் ஆகிவிடுவோம். முன்னோட்டத்துக்கும் இதுவே அளவுகோல். இருவரும் தந்தை மகள் என்று பார்ப்பவர் உய்த்துணர்ந்தால், அதைப் படம் பின்னால் விலக்கிக்கொள்ளலாம். “சொல்லுங்கப்பா” என்று அவள் முதலிலேயே சொல்வதாக ஒலியை ஒட்டினால், படத்தில் நடக்கவே நடக்காத ஒன்றை நான் சொல்லிவிடுகிறேன். என் முதல் வடிவத்தின் குற்றம் இரட்டைக் குற்றம்: முடிவை வெளியிட்டது, கூடவே பொய்யும் சொன்னது.

‘அப்பா’ என்ற சொல் இல்லாமல் உறவை எப்படி உணர்த்துவது? நூறாண்டுக்கு முன் ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் காட்டிய வழி நம் எல்லோருக்கும் தெரிந்ததே: உணர்ச்சி காட்டாத ஒரு முகத்தை அடுத்து எந்தப் பிம்பத்தை வைக்கிறோமோ, அந்த உணர்ச்சியை முகத்தின்மேல் பார்ப்பவரே ஏற்றிக்கொள்கிறார். பெரியவர் ஒரு பெண்ணின் போர்வையை வெயிலில் உதறிக் காயப்போடுகிறார், கட். பெங்களூர் வண்டியில் ஜன்னலோரம் பெண், கட். “எப்ப வர்றம்மா?” அவ்வளவுதான். மூன்று துண்டுகள், எட்டு நொடி. தமிழில் எந்த இளம்பெண்ணையும் ‘அம்மா’ என்று அழைக்கலாம். பால்காரர் மகளையும் அழைக்கலாம், பெற்ற மகளையும் அழைக்கலாம். அவள் அவரை ‘நீங்க’ என்கிறாள். அன்னியரையும் அப்படிச் சொல்வோம், பல வீடுகளில் தந்தையையும் அப்படித்தான் சொல்வோம். எந்தச் சொல்லும் பொய் இல்லை. இந்த அடுக்குமுறையும் நானாகப் புனைந்ததன்று. படம் தன் முதல் ஆறு நிமிடத்தில் செய்வது இதையேதான். படம் தன் தொடக்கத்தில் பார்ப்பவரை எப்படி எண்ணவைக்கிறதோ, அதற்குமேல் ஓரடிகூட முன்னோட்டம் எண்ணவைக்கக் கூடாது.

இதற்கு எதிர்வாதம் இல்லாமல் இல்லை. 2011இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தைச் சேர்ந்த உளவியலாளர் இருவர், சிறுகதைகளின் முடிவை முன்கூட்டியே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தார்கள். முடிவறிந்து படித்தவர்கள் அறியாதவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே கதைகளை விரும்பினார்கள் என்பது அவர்கள் கண்டது. ‘காஸ்ட் அவே’ (2000) படத்தின் முன்னோட்டம், தீவில் சிக்கியவன் வீடு திரும்புவதை ஒளிவுமறைவின்றிக் காட்டியது. படம் பெருவெற்றி பெற்றது. பிறகு எதற்கு இத்தனை கவலை என்று விடுதி நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

என் பதில் இது. எங்கள் முதல் இரகசியம் வெளியே தெரிந்திருந்தால் படம் செத்துப்போயிருக்காது; ஒருவகையில் கூடுதல் கனத்தோடு பார்த்திருப்பார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தகவலாக இருக்கும் முடிவைத் தெரிந்துகொண்டாலும் கதையை அனுபவிக்கலாம். ஆனால் எங்கள் கடைசிச் சொல் ஒரு தகவல் அன்று, ஒரு நிகழ்ச்சி. ‘அவள் கடைசியில் அப்பா என்று கூப்பிடுவாள்’ என்று உங்களுக்கு எழுத்தில் சொல்லியாயிற்று. அதனால் பெரிதாக ஒன்றும் குறையவில்லை. அவள் குரலில், அந்தத் தயக்கத்தோடு, அந்த ஒலியை முன்கூட்டியே கேட்டிருந்தால் அது குறைந்திருக்கும். பிறகு திரையரங்கில் அது இரண்டாம் முறையாக ஒலித்திருக்கும். முடிவைச் சொல்வது வேறு, முடிவைச் செலவழிப்பது வேறு.

மறைத்தும் பொய்யாமலும் இருக்கலாம் என்பதற்கு ஹிட்ச்காக் நல்ல சாட்சி, ஆனால் முழுச் சாட்சி அல்லர். ‘சைக்கோ’ (1960) படத்துக்கு ஆறு நிமிடத்துக்கும் மேல் ஓடும் ஒரு முன்னோட்டத்தை அவர் வெளியிட்டார். படத்தின் காட்சிகளைக் காட்டாமல், தாமே விடுதிக்கும் வீட்டுக்கும் நடந்து இடங்களை மட்டும் சுற்றிக் காட்டுகிறார். கடைசியில் குளியலறைத் திரை விலகி ஒரு பெண் அலறுகிறாள். அவள் படத்தின் நாயகி ஜேனட் லீ அல்லர். பொய்முடி அணிந்த வெரா மைல்ஸ். அங்கே அவர் என் கோட்டைத் தாண்டிவிடுகிறார் என்றே நினைக்கிறேன். ஆயினும் இடங்களைக் காட்டி நிகழ்ச்சிகளை மறைத்த அந்த உத்தி எங்களுக்கு உதவியது. பதினான்கு நொடி ஷாட் அதிலிருந்து வந்ததுதான்: பால்கனியில் பெரியவர், காதில் போன், மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. வேறெதுவும் நடப்பதில்லை.

இறுதி வடிவத்தை ஒலியிலிருந்து தொடங்கினேன். படத்தை மூடிவிட்டுக் காதால் மட்டும் கேட்டுத் தொண்ணூறு நொடியை அமைத்தேன். பிறகே பிம்பங்களை ஏற்றினேன். முதல் ஆறு நொடி இருள், மறுமுனையில் மணி அடிக்கும் ஒலி மட்டும். பிறகு பால்கனி. பிறகு அவள் ‘ஹலோ’ என்று எடுக்கிறாள். அதன்பின் ஏறத்தாழ முப்பது நொடி இரு ஊர்களும் மாறி மாறி வருகின்றன; அவர் குரல் அவள் முகத்தின்மேல் முன்கூட்டியே தொடங்கும், அவள் மௌனம் அவர் முகத்தின்மேல் தங்கிவிடும். காப்பி, போர்வை, “எப்ப வர்ற?” அறுபதாம் நொடியை ஒட்டி ஓசைகள் நின்றுபோகின்றன, குடியிருப்பின் தெருமுனையில் ஒரு ஆட்டோ நிற்கிறது, இறங்குபவளின் கால் மட்டும் தெரிகிறது. கதவு இல்லை, முகம் இல்லை. மறுபடி இருள், மறுபடி மணி ஒலி. யாரும் எடுப்பதற்குள் படத்தின் பெயர். பெயர், திரையிடல் நாள், இடம், எல்லாம் சேர்த்துப் பத்து நொடி நிற்க வேண்டும். அதைவிடக் குறைந்தால் இரண்டு மொழியில் படித்து முடிக்க முடிவதில்லை.

‘எதிர்பாராத திருப்பம்’, ‘இறுதிவரை காத்திருங்கள்’ போன்ற எழுத்துகளைச் சேர்க்கலாம் என்ற யோசனையும் வந்தது. மறுத்தேன். திருப்பம் இருக்கிறது என்று சொல்வதே பாதித் திருப்பத்தைச் சொல்வது. அப்படிப் படித்துவிட்டு வருபவர் முதல் நிமிடத்திலிருந்தே துப்பறிவாளர் ஆகிவிடுவார்; ‘ஹலோ’வைப் பிடித்துவிடுவார். இதே காரணத்துக்காகச் சோதனைப் பார்வையாளர்களிடம் கேட்கும் கேள்வியிலும் கவனம் வேண்டும். “முடிவைக் கண்டுபிடித்தாயா?” என்று கேட்டால், கண்டுபிடிக்க ஒரு முடிவு இருக்கிறது என்பது கேள்விக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. “இது எதைப் பற்றிய படம்? அடுத்து என்ன நடக்கும்?” என்று மட்டும் கேட்டேன். படம் பார்த்திராத கண் ஒருமுறைதான் கிடைக்கும். ஒருவரை ஒரு வடிவத்துக்குமேல் பயன்படுத்த முடியாது. ஆகவே நான்கு வடிவங்களுக்கு மும்மூன்று பேராகப் பன்னிரண்டு பேரைச் சேர்த்துவைத்திருந்தேன். கடைசி மூவரும் வெவ்வேறு சொற்களில் ஒன்றையே சொன்னார்கள்: வீட்டுக்கு வரத் தயங்கும் ஒரு மகள், காத்திருக்கும் தந்தை. படத்தின் ஆறாம் நிமிடத்தில் ஒருவர் சொல்லக்கூடியதும் அதுதான். அங்கே நிறுத்தினேன்.

இன்னும் ஒன்று. காணொளியை ஏற்றும்போது தளம் தானே முகப்புப் படம் ஒன்றைத் தேர்ந்து வைக்கும். எங்களுக்குத் தேர்ந்து கொடுத்தவற்றுள் ஒன்று ஆட்டோவிலிருந்து இறங்கும் கால். தொண்ணூறு நொடி கட்டிக்காத்ததை ஒரு முகப்புப் படத்தில் விட்டுவிடாதீர்கள். நீங்களே ஒன்றைத் தேர்ந்து ஏற்றுங்கள். கதைச் சுருக்கம் எழுதுபவரிடமும் அந்த மூன்று வரித் தாளைக் கொடுத்துவிடுங்கள்.

‘ஹலோ’வை ஏன் விட்டுவைத்தேன் என்று கேட்பீர்கள். அது மஞ்சள்தான், கூர்ந்து கேட்பவருக்கு ஒரு துப்புத்தான். ஆனால் அது உண்மை. என் அளவுகோல் இப்போது ஒன்றே ஒன்று: படம் பார்த்தபின் முன்னோட்டத்தை மறுபடி பார்த்தால், அதில் ஒரு சொல்லும் பொய்யாகிவிடக் கூடாது, முன்பு காதில் விழாத ஏதோ ஒன்று புதிதாகக் கேட்கவும் வேண்டும். திரையிடலுக்கு நண்பனின் தந்தை வந்திருந்தார். முடிந்ததும் எதுவும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் மகனிடம், அந்தச் சின்னப் படத்தை இன்னொருதரம் போடச் சொன்னாராம். பதினெட்டு நிமிடப் படத்தையா என்று கேட்டிருக்கிறான்.

“இல்ல, சின்னது. அந்தப் பொண்ணு ஹலோ சொல்லுமே, அது.”